மாதம் ஒருமுறை வீட்டுக் கணக்குப் பார்ப்போம்

சம்பளம் கைக்கு வந்த பத்தாம் நாளே, "பணமெல்லாம் எங்கே போயிற்று?" என்ற கேள்வி நம் தோட்டத்து வீடுகளில் எழுவதுண்டு. கணவர் மனைவியைக் கேட்பார். மனைவி கணவரைக் கேட்பார். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் கேள்விக்கு விடை எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. விடை இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்று நாம் பேசப்போவது அந்த விடையை மாதம் ஒருமுறை எப்படித் தேடி எடுப்பது என்பதைப் பற்றித்தான்.

செலவை எழுதி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் எழுதி வைப்பது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு. அரிசி இவ்வளவு, மீன் இவ்வளவு என்று முப்பது நாளும் எழுதிவிட்டு, கடைசியில் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அது நடந்துபோனதற்கு ஒரு நாட்குறிப்பு மட்டுமே. மாதம் தொடங்கும் முன்பே, இந்த இனத்திற்கு இவ்வளவுதான் என்று நாமே ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால்தான், முடிவில் அதனோடு செலவை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அளவுகோல் இல்லாமல் துணியை அளக்க முடியுமா?

இந்தக் கருத்து பழையது. ஜப்பான் நாட்டில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டில் இல்லத்தரசிகளுக்காக ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகத்தை வெளியிட்டார். அதைக் 'காகெய்போ' என்று அந்நாட்டு மக்கள் சொல்கிறார்கள். முதலில் ஒதுக்கீடு, பிறகு செலவு, மாத முடிவில் இரண்டையும் ஒப்பிடுதல் என்பதே அதன் முறை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்தகைய புத்தகங்கள் அங்கே இன்றும் விற்பனையாகின்றன. நமக்கு அச்சடித்த புத்தகம் தேவையில்லை. பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மீந்துபோன பக்கங்களே போதும்.

சரி, கணக்கை என்றைக்குப் பார்ப்பது? நாட்காட்டியில் மாதம் முடியும் நாள் நமக்கு அவ்வளவு பொருந்தாது. வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே நம் வீட்டு மாதம் என்பது ஒரு சம்பள நாளிலிருந்து அடுத்த சம்பள நாள் வரைதான். கணக்குப் பார்க்க ஏற்ற வேளை சம்பளத்திற்கு முதல் நாள் இரவு. புதுப் பணம் கையில் வந்துவிட்டால் பழைய கணக்கைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

இப்போது ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் பெலிம்பிங் போன்ற ஒரு தோட்டத்தில், கணவரும் மனைவியும் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகிறது. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் பிடிக்கும் சிறு தொகையையும் கழித்தால், ஒருவர் கைக்கு ஏறக்குறைய 1,500 வெள்ளி வரும். இருவருக்கும் சேர்த்து 3,000 வெள்ளி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத நடுவில் அட்வான்ஸ் வாங்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் அதைத் தனி வருமானமாக நினைத்துவிடக் கூடாது. அட்வான்ஸ் 600 வெள்ளி வாங்கினால் சம்பள நாளில் 2,400 வெள்ளிதான் வரும். இரண்டும் சேர்ந்ததுதான் 3,000. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கழிவுகள் ஒவ்வொன்றையும் வரிசையாகப் படித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

இந்தக் குடும்பம் 3,000 வெள்ளியை ஏழு இனங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டுச் சாமான்களுக்கு 1,100. மின்சாரம், தண்ணீர், கைத்தொலைபேசிக்கு 200. மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பெட்ரோலுக்கும் 450. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு 350. வெளியில் சாப்பிடுவது, சிகரெட் முதலிய கைச்செலவுக்கு 400. சேமிப்புக்கு 200. மீதி 300 வெள்ளிக்கு 'ஆண்டுச் செலவு உறை' என்று பெயர். ஏழினையும் கூட்டினால் சரியாக 3,000 வரும்.

இந்த உறை எதற்கு என்று கேட்பீர்கள். தீபாவளி ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆனால் வராமல் இருப்பதில்லை. அதற்கு 1,500 வெள்ளி ஆகும் என்று இவர்கள் கணக்கிட்டார்கள். பள்ளி திறக்கும்போது சீருடை, காலணி, புத்தகப் பைக்கு 900. மோட்டார் சைக்கிளின் சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் 300. அதன் டயர், பழுதுபார்ப்புக்கு 500. கல்யாண மொய், கோயில் திருவிழாவுக்கு 400. மொத்தம் 3,600 வெள்ளி. இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 300 வெள்ளி. இப்படி ஒதுக்காத குடும்பத்தில் பத்து மாதங்களுக்குக் கணக்கு நன்றாகவே இருக்கும். தீபாவளி மாதத்தில் ஒரே அடியாகச் சரியும். உண்மையில் அந்தப் பத்து மாதங்களுமே சரியாக இருந்தவை அல்ல, அப்படித் தோன்றியவை.

இனி, சம்பளத்திற்கு முதல் நாள் இரவுக்கு வருவோம். தாளில் நான்கு பத்திகள் கோடு போட வேண்டும். முதல் பத்தியில் செலவின் இனம், இரண்டாவதில் ஒதுக்கிய தொகை, மூன்றாவதில் உண்மையில் ஆன செலவு, நான்காவதில் வேறுபாடு. நம் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கழித்தல்தான் இதில் இருக்கிறது. கடினம் கழித்தலில் இல்லை; மூன்றாவது பத்தியை உண்மையாக நிரப்புவதில் இருக்கிறது.

நம் குடும்பம் அந்த மாதம் கையை விட்டுப்போன பணத்தை எழுதிப் பார்த்தது. சாப்பாட்டுக்கு 890, கட்டணங்களுக்கு 185, மோட்டார் சைக்கிளுக்கு 540, பள்ளிக்கு 330, கைச்செலவுக்கு 425. சேமிப்பும் உறையும் சேர்ந்து 500 வெள்ளியைச் சம்பள நாளிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து 2,870 வெள்ளி. 3,000இல் இதைக் கழித்தால் 130 வெள்ளி மீதி. பர்சில் உள்ளதையும் வங்கிக் கணக்கில் உள்ளதையும் எண்ணினார்கள். 130 வெள்ளி இருந்தது. இப்படி எண்ணிப் பார்ப்பது மிகவும் அவசியம். தாளில் 130 என்று வந்து கையில் 70 மட்டும் இருந்தால், 60 வெள்ளிச் செலவு எழுதாமல் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

கணக்கும் கையிருப்பும் ஒத்துவிட்டன. 130 வெள்ளி மீதி. சாப்பாட்டில் மட்டும் 210 வெள்ளி மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நல்ல மாதம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஏனென்றால் கடையிலே ஒரு 555 புத்தகம் இருக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு புத்தகத்தைத் தெரியாத தோட்டத்து வீடு உண்டா? பற்று வாங்கிய சாமான்களெல்லாம் அதிலேதான் ஏறுகின்றன. இந்த மாதம் அதிலே 350 வெள்ளி பாக்கி. அந்த அரிசியும் பருப்பும் இந்த மாதம் சமைத்துச் சாப்பிட்டவை. பணம்தான் இன்னும் போகவில்லை. பொருள் எந்த மாதம் வீட்டுக்கு வந்ததோ, அந்த மாதத்துச் செலவாகவே அதை எழுத வேண்டும். அப்படி எழுதினால் சாப்பாட்டுச் செலவு 890 அல்ல, 1,240. மிச்சம் 210 என்று நினைத்த இடத்தில் 140 வெள்ளி மிகுந்துவிட்டது. மொத்தக் கணக்கில் 130 மீதி என்பது போய், 220 வெள்ளி பற்றாக்குறை என்று வருகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் இந்த 350 வெள்ளியைக் கடையில் கட்டும்போது, அதைச் சாப்பாட்டுச் செலவு என்று மீண்டும் எழுதக்கூடாது. அது கடன் அடைப்பு. இரண்டு முறை எழுதினால் அடுத்த மாதக் கணக்கு கெட்டுவிடும்.

இப்போதெல்லாம் சம்பளம் வங்கியில் ஏறுகிறது. கைத்தொலைபேசியிலுள்ள சில வங்கிச் செயலிகள் இந்த மாதம் எதற்கு எவ்வளவு செலவு என்று தாமே பிரித்துக் காட்டுகின்றன. அது உதவிதான். ஆனால் வங்கிக்குத் தெரிந்தது வங்கி வழியாகப் போன பணம் மட்டுமே. இயந்திரத்தில் 600 வெள்ளி எடுத்தால் 'ரொக்கம் 600' என்று ஒரே வரியில் காட்டும்; அந்த ரொக்கம் மீன்காரரிடம் போனதா, ஒட்டுக்கடையில் போனதா என்று அதற்குத் தெரியாது. 555 புத்தகத்தை அது பார்த்ததே இல்லை. ஆகவே தொலைபேசி காட்டும் கணக்கையும் கடைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நம் தாளை நிரப்ப வேண்டும்.

இனி வேறுபாட்டுப் பத்தியைப் பார்ப்போம். சாப்பாடு 140 வெள்ளி மிகுதி. கட்டணங்கள் 15 குறைவு. மோட்டார் சைக்கிள் 90 மிகுதி. பள்ளி 20 குறைவு. கைச்செலவு 25 மிகுதி. மேலோட்டமாகப் பார்க்கும் கணவர் என்ன சொல்வார்? "அடுப்படியில்தான் பணம் கரைகிறது" என்பார். அங்கேதான் சண்டை தொடங்கும்.

அதனால், பெரிய வேறுபாடு வந்த இனத்தை முடிவு கட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும். 555 புத்தகத்தை வரி வரியாகப் படித்தபோது, 350 வெள்ளிப் பாக்கியில் 96 வெள்ளி சிகரெட்டுக்கும் குளிர்பானத்துக்கும் ஏறியிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் கணவர் வாங்கியவை அவை. கடைக்காரருக்கு எல்லாம் ஒரே புத்தகம்தான். ஆனால் நம் தாளில் அவை சாப்பாட்டுச் செலவில் சேர மாட்டா. கைச்செலவில் சேர வேண்டியவை. அந்த 96 வெள்ளியை இடம் மாற்றினால் சாப்பாட்டின் மிகுதி 140இலிருந்து 44ஆகக் குறைகிறது. கைச்செலவின் மிகுதி 25இலிருந்து 121ஆக உயர்கிறது. மொத்தப் பற்றாக்குறையில் ஒரு காசு கூட மாறவில்லை. ஆனால் பழி சுமத்தப்பட்ட இடம் மாறிவிட்டது. மனைவியின் சிக்கனத்தில் குறை இல்லை என்பதைத் தாளே சொல்லிவிட்டது.

மோட்டார் சைக்கிளின் 90 வெள்ளியையும் இப்படியே பார்த்தார்கள். பெட்ரோல் கூடவில்லை. பின் டயர் தேய்ந்து மாற்றியதற்கு 90 வெள்ளி ஆகியிருந்தது. டயருக்குத்தான் ஆண்டுச் செலவு உறையில் பணம் இருக்கிறதே! அந்த உறையிலிருந்து 90 வெள்ளியை எடுத்துக்கொள்ளலாம். அது குறை இல்லை. உறை இருப்பதே அதற்காகத்தான். அப்படி எடுத்தபின் உண்மையான பற்றாக்குறை 220 இல்லை, 130 வெள்ளி. இதில் பெரும் பகுதி கைச்செலவில் வந்தது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

ஆக, வேறுபாடு மூன்று வகையாக வரும். இனம் மாறி எழுதியதால் வருவது ஒன்று; அதை இடம் மாற்றினால் போதும். எப்போதாவது ஒருமுறை வரும் செலவால் வருவது இரண்டாவது. அதற்கு உறை இருக்கிறது. இந்த இரண்டையும் நீக்கிய பிறகு எஞ்சி நிற்பதுதான் மூன்றாவது. அதைப் பற்றித்தான் குடும்பம் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் குடும்பம் எடுத்த முடிவு இது. கையில் மீதியிருந்த 130 வெள்ளியையும், உறையிலிருந்து எடுத்த 90 வெள்ளியையும் சேர்த்து, 220 வெள்ளியை உடனே கடையில் கட்டிவிடுவது. மீதிப் பாக்கி 130. அதை இரண்டு மாதங்களில், மாதம் 65 வெள்ளியாகக் கட்டுவது. அந்த 65 வெள்ளிக்காகக் கைச்செலவு ஒதுக்கீட்டை இரண்டு மாதங்களுக்கு மட்டும் 400இலிருந்து 335ஆகக் குறைப்பது. சிகரெட்டையும் குளிர்பானத்தையும் இனிமேல் பற்றில் வாங்காமல் ரொக்கத்தில் மட்டும் வாங்குவது. இது யாரையும் தடுக்கும் சட்டம் இல்லை. ரொக்கமாகக் கொடுக்கும்போது கைச்செலவுப் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும்; பற்றில் வாங்கும்போது தெரியாது. அவ்வளவுதான் வேறுபாடு.

சாப்பாட்டில் மிகுந்த 44 வெள்ளியை என்ன செய்வது? இந்த மாதம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே சரி. ஒரு மாதத்துச் செலவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். விருந்தாளி வந்திருக்கலாம், மீன் விலை ஏறியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே இனம் மூன்று முறையும் மிகுந்தே வந்தால், அப்போது ஒதுக்கீடுதான் தவறு. விலைவாசி ஏறிவிட்டது; நாம் பழைய தொகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒதுக்கீட்டை உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் உயர்த்தும் தொகையை எந்த இனத்திலிருந்து எடுக்கிறோம் என்பதை அதே தாளில், அதே இரவில் எழுதிவிட வேண்டும். சாப்பாட்டை 1,100இலிருந்து 1,140 ஆக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால், ஏழு இனங்களின் கூட்டு 3,040 ஆகிவிடும். சம்பளமோ 3,000தான்.

மொத்தத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுவதும் தவறு. பள்ளிச் செலவு 120 குறைந்து, கைச்செலவு 120 கூடினால், மொத்தம் ஒதுக்கீட்டோடு சரியாக ஒத்துப்போகும். ஆனால் பிள்ளைக்கு வாங்கவேண்டிய பயிற்சிப் புத்தகம் வாங்கப்படாமல் போயிருக்கலாம். குறைவு வந்த இனத்தையும் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். சிக்கனத்தால் குறைந்ததா, கட்டாமல் விட்டதால் குறைந்ததா? மின்சாரக் கட்டணம் இந்த மாதம் குறைவு என்றால் அதை முதலில் பாருங்கள். கட்டணச் சீட்டு இன்னும் மேசையிலேயே கிடக்கலாம்.

செம்பனை வெட்டுபவர்களுக்கும் பால்மரம் சீவுபவர்களுக்கும் சம்பளம் மாதா மாதம் ஒரே அளவாக வருவதில்லை. காய் குறைந்த மாதமும், மழை மிகுந்த மாதமும் வரும். அத்தகைய குடும்பங்கள் கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அவற்றில் மிகக் குறைந்த தொகையை வைத்தே ஒதுக்கீடு போட வேண்டும். கூடுதலாக வரும் மாதத்தில் அந்தக் கூடுதலை உறையில் போடலாம். கூடின சம்பளத்தை வைத்து ஒதுக்கீடு போட்டால், குறைந்த மாதம் முழுவதும் 555 புத்தகத்தில்தான் ஓடும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மேலே சொன்ன இரண்டு வகை வேறுபாடுகளையும் நீக்கி, கைச்செலவையும் குறைத்துப் பார்த்த பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து பற்றாக்குறை வந்தால், அல்லது தவணைகளும் கடன்களுமே சம்பளத்தின் பெரும் பகுதியைத் தின்றுவிட்டால், அதைத் தாள் தீர்க்காது. சம்பளம் போதாதது ஒரு குறை. கணக்குத் தெரியாதது வேறு குறை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதோடு தாளின் வேலை முடிந்துவிடும். அந்நிலையில் வட்டிக்காரரிடம் போவதற்கு முன், பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் போகும்போது கையில் மூன்று மாதத் தாள்கள் இருந்தால், அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளுக்கு விடை தயாராக இருக்கும்.

கடைசியாக ஒரு சொல். தாளை நிரப்பும்போது கணவன் மனைவி இருவரும் உட்கார வேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர் எழுதலாம். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால், கழித்தல் வேலையை அதனிடம் கொடுங்கள். மாதம் அரைமணி நேரம் இதற்குப் போதும். அடுத்த சம்பளத்திற்கு முதல் நாள் இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு, முதல் வேலையாக 555 புத்தகத்தைக் கடையிலிருந்து வாங்கி வரச் சொல்லுங்கள்.